ஒரு மணி நேர நடையிலிருந்து ஐந்தாம் படி

நிலா எவ்வளவு தூரம் என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சட்டென்று சொல்லிவிடுவார்கள்: 3,84,400 கிலோமீட்டர். சொன்னவரிடமே, “இல்லை, 38 லட்சம்” என்று கொஞ்சம் அழுத்திச் சொல்லிப் பாருங்கள். பலரும் ஒரு நொடி தயங்குவார்கள். சென்னையிலிருந்து மதுரை 4,600 கிலோமீட்டர் என்று சொன்னால் அதே ஆட்கள் சிரித்துவிடுவார்கள். மதுரைக்குப் போகும் தூரம் உடம்புக்குத் தெரியும். ஓர் இரவு கண்ணயர்ந்து எழுந்தால் வரும் ஊர் அது. நிலாவின் தூரம் நாக்குக்கு மட்டுமே பழகியிருக்கிறது. அதில் ஒரு சுழியம் கூடினாலும் குறைந்தாலும் நமக்குள் எந்த மணியும் அடிப்பதில்லை.

அந்த எண்ணை உடம்புக்குப் பழக்கும் வழி ஒன்று உண்டு. அதற்கு நாம் ஏற்கெனவே போய்வந்த தூரங்களே போதும். ஆறு தூரங்களை வரிசையாக அடுக்கினால் நிலாவரை ஒரு ஏணி கிடைக்கிறது. ஒவ்வொரு படியும் முந்தைய படியைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. துல்லியமாகச் சொன்னால் ஒன்பதரைக்கும் பத்துக்கும் நடுவே. படிகள் இவ்வளவு சீராக அமைவது தற்செயல்தான். ஆனால் மிகவும் வசதியான தற்செயல்.

தரையில் நிற்கும் தூரம், ஒரு மணி நேர நடை. காலையில் கொஞ்சம் வேகமாக நடப்பவர் ஒரு மணி நேரத்தில் நாலரைக் கிலோமீட்டர் போவார். முதல் படி, மதுரையிலிருந்து விருதுநகர். ரயிலில் ஏறத்தாழ 43 கிலோமீட்டர். ஜன்னலோரம் உட்கார்ந்து திருமங்கலத்தைத் தாண்டி நாலு வார்த்தை பேசுவதற்குள் இறங்க வேண்டியிருக்கும். நடந்தே போவதென்றால் விடிகாலையில் கிளம்பி இரவில்தான் சேர முடியும். இரண்டாம் படி, சென்னை எழும்பூரிலிருந்து திண்டுக்கல், ஏறத்தாழ 430 கிலோமீட்டர். விழுப்புரம், திருச்சி எல்லாம் தூக்கத்தில் கடந்துபோகும் இரவுப் பயணம்.

மூன்றாம் படிக்கு, அசாமின் திப்ரூகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் விவேக் எக்ஸ்பிரஸில் ஏற வேண்டும். இந்தியாவிலேயே மிக நீண்ட தூரம் ஓடும் ரயில் அது. ஏறத்தாழ 4,190 கிலோமீட்டர். பிரம்மபுத்திரா சமவெளியில் கிளம்பி, குவாஹாட்டி, நியூ ஜல்பைகுரி, புவனேஸ்வர், விசாகப்பட்டினம், விஜயவாடா என்று இறங்கி, சேலம், கோயம்புத்தூர் வழியாகக் கேரளத்துக்குள் நுழைந்து, திருவனந்தபுரத்தைத் தாண்டிக் குமரிமுனையில் வந்து நிற்கிறது. பயண நேரம் 75 மணிக்கு அருகில். மூன்று முழு நாள்கள், அதற்கு மேலும் கொஞ்சம். டீ விற்பவர் பேசும் மொழி வழியெங்கும் மாறிக்கொண்டே வரும். இந்த ஒரு பயணத்தை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இனி நமக்கு இதுதான் அளவுகோல்.

நான்காம் படி, பூமியைச் சுற்றி ஒரு வட்டம். நிலநடுக்கோட்டின் நீளம் 40,075 கிலோமீட்டர். விவேக் எக்ஸ்பிரஸில் ஒன்பதரைத் தடவை போனால் இந்தத் தூரம் வந்துவிடும். மெகல்லனோடு 1519இல் புறப்பட்ட கப்பல்களில் ஒன்று மட்டும் இப்படி உலகைச் சுற்றி 1522இல் ஊர் திரும்பியது. அவ்வளவு பெரிய உலகின் சுற்றளவு, அசாமிலிருந்து குமரிக்கு வரும் தூரத்தில் பத்து மடங்குகூட இல்லை.

ஐந்தாம் படியில் நிலா. 3,84,400 கிலோமீட்டர் என்பது பூமியை ஒன்பதரைத் தடவை சுற்றும் தூரம். விவேக் எக்ஸ்பிரஸ் கணக்கில் 92 பயணங்கள். விண்வெளியில் தண்டவாளம் போட்டு, அதே ரயில் அதே வேகத்தில் எங்கும் ஓய்வெடுக்காமல் ஓடினால் ஒன்பதரை மாதத்தில் போய்ச் சேரும். நிச்சயமாக நீண்ட பயணம்தான். ஆனால் எண்ணி முடிக்கக்கூடியது.

இன்னொரு விதமாகவும் எண்ணலாம். தாம்பரத்தில் குடியிருந்து சென்னைக் கடற்கரை நிலையத்தருகே வேலை பார்ப்பவர் மின்சார ரயிலில் தினமும் போகவர 60 கிலோமீட்டர் போகிறார். ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் 18,000 கிலோமீட்டர். இருபத்திரண்டாம் ஆண்டில் அவருடைய கணக்கு நிலாவைத் தாண்டிவிடும். வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கும் பலர் பணி ஓய்வுக்கு வெகு முன்பே அந்தத் தூரத்தைக் கடந்துவிட்டார்கள்.

இந்தத் தூரம் நமக்குப் பழகாமல் போனதற்குப் புத்தகப் படங்களும் ஒரு காரணம். கிரகணத்தை விளக்கும் படங்களில் பூமிக்கும் நிலாவுக்கும் இடையே நாலைந்து பூமிகள் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி விடுவார்கள். உண்மையில் 30 பூமிகளை அங்கே வரிசையாக நிறுத்தலாம். பக்கத்தில் பூமியை இரண்டு சென்டிமீட்டர் வட்டமாக வரைந்தால், நிலாவை அரை சென்டிமீட்டர் புள்ளியாக 60 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அது பக்கத்தில் அடங்காது. அதனால் நிலாவைப் பூமியின் பக்கத்திலேயே இழுத்து வைத்துவிடுகிறார்கள்.

ஒன்பதரை மாதம் என்பது ரயில் வேகக் கணக்கு. மனிதர்கள் உண்மையிலேயே அங்கே போனபோது எவ்வளவு நேரம் எடுத்தது? அப்பல்லோ 11 கிளம்பியது 1969 ஜூலை 16. இந்திய நேரப்படி மாலை ஏழு மணி. நிலாவின் சுற்றுப்பாதைக்குள் அது நுழைந்தது ஜூலை 19, நமக்கு இரவு பதினொரு மணியை நெருங்கிய நேரம். மொத்தம் 76 மணி நேரம். அதாவது, மாலை இருட்டிய பிறகு திப்ரூகரில் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறியவர் நான்காம் நாள் இரவில் கன்னியாகுமரி பிளாட்பாரத்தில் பெட்டியை இறக்கும் அதே நேரம்தான் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கும் அவருடைய தோழர்கள் இருவருக்கும் நிலாவை எட்டத் தேவைப்பட்டது. தூரம் 92 மடங்கு, நேரம் ஒன்றேதான்.

இரண்டு பயணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் ஒரு விஷயம் தெரியும். ரயில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வருகிறது. விண்கலம் அப்படிப் போகவில்லை. பூமியின் சுற்றுப்பாதையை விட்டுக் கிளம்பியபோது அதன் வேகம் மணிக்கு 39,000 கிலோமீட்டர். எஞ்சின் ஆறே நிமிடம் எரிந்து அணைந்துவிட்டது. அதன்பின், வழியில் திசையைக் கொஞ்சம் சரிசெய்ததைத் தவிர, முழுத் தூரமும் எறிந்த கல்லைப்போல்தான் போனது. மேலே எறிந்த கல்லைப் பூமி பின்னால் இழுத்துக்கொண்டே இருக்குமல்லவா? கலமும் அப்படியே வேகம் குறைந்துகொண்டே சென்றது. முதல் 26 மணி நேரத்துக்குள் பாதித் தூரம் முடிந்துவிட்டது. அந்நேரம் நம் ரயில் மேற்கு வங்கத்தைக்கூடத் தாண்டியிருக்காது. மிச்சப் பாதிக்கு இரண்டு முழு நாள்கள் ஆயின.

கிளம்பி 62 மணி நேரம் ஆகும்போது ரயில் தமிழ்நாட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். கலம் நிலாவிலிருந்து 62,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அங்கே அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர். கிளம்பிய வேகத்தில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்த இடத்துக்கு அப்பால் நிலாவின் ஈர்ப்பு மேலோங்குகிறது. அதுவரை ஏற்றமாக இருந்த பாதை அங்கிருந்து இறக்கமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பூமியின் பிடி எவ்வளவு தூரம் நீள்கிறது என்று பாருங்கள். 92 பயணங்களில் 77 பயணங்களைக் கடக்கும்வரை பூமியின் கைதான் ஓங்கியிருக்கிறது. நிலாவுக்கு அவள் வாசலையொட்டிய கடைசி 15 மட்டுமே.

ரயிலுக்கு இல்லாத இன்னொரு சிக்கல் விண்கலத்துக்கு உண்டு. கன்னியாகுமரி நிலையம் நகராது. நிலா நகர்ந்துகொண்டே இருக்கிறது, அதுவும் மணிக்கு ஏறத்தாழ 3,680 கிலோமீட்டர் வேகத்தில். நிலாவின் குறுக்களவு 3,475 கிலோமீட்டர். எனவே ஒவ்வொரு மணி நேரமும் அது தன் அகலத்துக்கும் சற்று அதிகமாகவே இடம் மாறிவிடுகிறது. அப்பல்லோ போய்க்கொண்டிருந்த 76 மணி நேரத்தில் நிலா தன் பாதையில் ஏறத்தாழ 2,80,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அது 67 விவேக் பயணங்கள். கிளம்பும்போது நிலாவைப் பார்த்துக் குறிவைத்திருந்தால் அங்கே போய்ச் சேர்ந்தபோது இருட்டுதான் இருந்திருக்கும். நான்காம் நாள் அவள் எங்கே வந்து நிற்பாள் என்று கணித்து, அந்த வெற்று இடத்தை நோக்கித்தான் கலத்தை எறிந்தார்கள்.

வரைபடத்தில் திப்ரூகரிலிருந்து குமரிக்கு நேர்கோடு போட்டால் 2,800 கிலோமீட்டர்தான். தண்டவாளமோ 4,190. வங்காள விரிகுடா குறுக்கே கிடப்பதால் ரயில் கரையோரமாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. சந்திரயான்-3 நிலாவுக்குச் சுற்றிப் போனதற்கு வேறு காரணம். 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி ஆகஸ்ட் 23 மாலை 6:04க்கு அது தரையிறங்கியது. 40 நாள். அப்பல்லோவை அனுப்பிய சாட்டர்ன் ராக்கெட்டின் எடை ஏறத்தாழ 2,900 டன். நம் எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் எடை 640 டன். ஒரே உந்தில் நிலாவுக்கு எறியும் பலம் அதற்கு இல்லை. எனவே முதலில், பூமிக்கு அருகே 170 கிலோமீட்டரும் எட்டத்தில் 36,500 கிலோமீட்டரும் உள்ள நீள்வட்டத்தில் கலத்தை விட்டார்கள்.

அதன்பின் செய்த வேலையில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. நீள்வட்டத்தில் பூமிக்கு மிக அருகே வரும்போது கலம் மிக வேகமாக ஓடும். ஒரே அளவு எரிபொருளை மெதுவாகப் போகும்போது எரிப்பதைவிட வேகமாகப் போகும்போது எரித்தால் கலத்துக்குக் கூடுதல் ஆற்றல் சேரும். அதனால் அருகே வரும் தருணங்களில் மட்டும் எஞ்சினைச் சற்று நேரம் இயக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் நீள்வட்டத்தின் மறுமுனை இன்னும் எட்டத்துக்குப் போனது. ஐந்தாம் உந்துக்குப் பின் அது 1,27,000 கிலோமீட்டரைத் தாண்டியது. நிலாவுக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு. ஆகஸ்ட் 1 நள்ளிரவு கடந்ததும் கொடுத்த ஆறாம் உந்துதான் அதை நிலாப் பாதையில் ஏற்றியது. அங்கிருந்து நிலாவின் சுற்றுப்பாதையை எட்டியது ஆகஸ்ட் 5 மாலை. உண்மையான கடப்பு ஐந்து நாளுக்கும் குறைவு. மிச்ச நாள்கள் இந்தப் பக்கம் ஏறுவதற்கும் அந்தப் பக்கம் இறங்குவதற்கும் செலவாயின. அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே ஊழியரின் மகன். நம் ஏணியின் இரண்டாம் படியில் நடு இரவில் வந்துபோகும் அதே ஊர்.

இத்தனை கணக்குக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. யாரும் நாடா பிடித்து அளக்காத தூரம் எப்படித் தெரியவந்தது? ராக்கெட்டுக்கு வெகு காலம் முன்பே தெரிந்திருந்தது. விவேக் எக்ஸ்பிரஸின் இரண்டு முனைகளும் இரண்டு கேமராக்களும் இருந்தால் நாமே கண்டுபிடித்துவிடலாம்.

கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மாற்றி மறு கண்ணால் பாருங்கள். பின்னாலிருக்கும் சுவரில் விரல் இடம் மாறுவதுபோல் தெரியும். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். பார்க்கும் இடம் மாறினால், அருகிலிருக்கும் பொருள் தொலைவிலிருக்கும் பின்னணியின்மீது நகர்ந்ததாகத் தோன்றுவதுதான் இது. இப்போது ஒரு கண்ணைத் திப்ரூகரிலும் மறு கண்ணைக் கன்னியாகுமரியிலும் வையுங்கள். விரலுக்குப் பதில் நிலா. சுவருக்குப் பதில் நட்சத்திரங்கள். ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய பிரகாசமான நட்சத்திரங்கள் நிலா போகும் பாதையை ஒட்டியே இருக்கின்றன. நிலா இவற்றில் ஒன்றை நெருங்கும் இரவில், உயரே ஏறியிருக்கும்போது, இரண்டு ஊர்களிலிருந்தும் ஒரே நொடியில் படம் எடுக்க வேண்டும். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நட்சத்திரத்தைப் பொருத்தினால் நிலா பொருந்தாது. தன் அகலத்தில் ஐந்தில் நான்கு பங்கு தள்ளி நிற்கும்.

வானத்தில் நிலாவின் அகலம் அரைப் பாகைக்குச் சற்று மேல். ஆகவே அது தள்ளி நிற்பது ஏறத்தாழ 0.42 பாகை. கணக்கு எளிதுதான். ஒரு பொருள் ஒரு பாகை தள்ளித் தெரிந்தால், பார்த்த இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப்போல் 57 மடங்கு எட்டத்தில் அது இருக்கிறது. தள்ளல் குறையக் குறையத் தூரம் கூடும். 0.42 பாகைக்கு 136 மடங்கு. இரண்டு ஊர்களுக்கும் நேர்கோட்டுத் தூரம் 2,800 கிலோமீட்டர். பெருக்கினால் 3,80,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். (நிலா இரண்டு ஊர்களுக்கும் நடுவே தலைக்கு மேல் இல்லாமல் சாய்ந்திருந்தால் அந்த 2,800ஐ அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்.)

தவறு நுழைவது கடிகாரத்தில்தான். நட்சத்திரங்களுக்கு நடுவே நிலா ஒரு மணி நேரத்தில் தன் அகலம் அளவு நகர்ந்துவிடும் என்று பார்த்தோம். இரண்டு படங்களுக்கும் இடையே ஒரே ஒரு நிமிடம் வித்தியாசம் வந்தால், விடை 8,000 கிலோமீட்டர் தப்பிப்போகும். இரண்டு விவேக் பயணங்கள் கூடும், அல்லது குறையும். கைபேசிக் கடிகாரம் இருப்பதால் இன்று அந்தத் தொல்லை இல்லை.

1751இல் அது பெருந்தொல்லையாக இருந்தது. அந்த ஆண்டில் பிரெஞ்சு வானியலாளர் லக்காய் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் நன்னம்பிக்கை முனையில் இருந்தார். இருபது வயதுகூட நிறையாத லலாந்து பெர்லினுக்கு அனுப்பப்பட்டார். இரண்டு இடங்களையும் பூமியைத் துளைத்து நேர்கோட்டில் இணைத்தால் 8,700 கிலோமீட்டர். ஒருவர் நேரத்தை மற்றவருக்குச் சொல்ல வழியே இல்லை. ஆனால் இரண்டு ஊர்களும் பூமி உருண்டையில் ஏறக்குறைய ஒன்றன்கீழ் ஒன்றாக, தெற்கு வடக்காக இருக்கின்றன. அதனால் வானத்தின் தெற்கு–வடக்குக் கோட்டை நிலா கடக்கும் கணம் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒன்றேதான். நிலாவையே பொதுக் கடிகாரமாக்கிக்கொண்டு, அந்தக் கணத்தில் அவள் நிற்கும் உயரத்தை இருவரும் இரவுக்கு இரவு குறித்துவைத்தார்கள். அவ்வளவு அகன்ற அடித்தூரத்தில் நிலா இரண்டரை நிலா அகலத்துக்குத் தள்ளித் தெரிந்தாள். பூமியின் ஆரத்தைப்போல் 60 மடங்கு என்ற விடை அப்படித்தான் உறுதிப்பட்டது.

இன்று ஒளியால் அளக்கிறார்கள். அப்பல்லோ 11 வீரர்கள் நிலாவில் ஒரு பலகையை வைத்துவிட்டு வந்தார்கள். அதில் நூறு கண்ணாடிப் பட்டகங்கள் பதித்திருக்கும். எந்தக் கோணத்தில் ஒளி வந்தாலும் வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும்படி செதுக்கியவை. சைக்கிளின் பின்புறச் சிவப்பு ரிஃப்ளெக்டரில் இருப்பதும் இதே அமைப்புதான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள அப்பாச்சி பாயிண்ட் தொலைநோக்கி வழியாக லேசர் துடிப்புகளை நிலாவை நோக்கி அனுப்புகிறார்கள். புறப்படும்போது மூன்றரை மீட்டர் அகலமுள்ள கற்றை, நிலாவைத் தொடும்போது இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடுகிறது. அதில் பலகையின்மீது விழுவது துளியிலும் துளி. திரும்பி வரும் ஒளியும் விரிந்து சிதறுகிறது. ஒளியின் மிகச் சிறிய பொட்டலத்துக்கு ஒளித்துகள் என்று பெயர். ஒரு துடிப்பில் கிளம்புபவை ஒன்றுக்குப் பின் பதினேழு சுழியம் போடும் அளவிலான ஒளித்துகள்கள். திரும்பி வந்து சிக்குவது சராசரியாக ஒன்றோ இரண்டோ.

அந்த ஒன்று போய்வர எடுத்த நேரத்தை அளந்தால் போதும். போக 1.28 நொடி, வர 1.28 நொடி. அந்த 1.28 நொடியில் விவேக் எக்ஸ்பிரஸ் தன் சராசரி வேகத்தில் 20 மீட்டர் நகரும். அது ஒரு ரயில் பெட்டியின் நீளம்கூட இல்லை. அதற்குள் ஒளி 92 பயணங்களையும் முடித்துவிடுகிறது. ஒரு நொடியை நூறாயிரம் கோடியாகக் கூறுபோடும் அளவுக்கு நுட்பமான கடிகாரங்களோடு, ஆயிரக்கணக்கான துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுத்து, நிலாவின் தூரத்தை இன்று மில்லிமீட்டர் அளவில் சொல்கிறார்கள். அந்த நுட்பத்தால்தான் நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகிப்போவது அளவிலேயே தெரிகிறது. பலகையை வைத்த நாளிலிருந்து சேர்த்தால் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல், ஸ்லீப்பர் பெர்த்தில் கால் நீட்டிப் படுக்கும் இடத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்.

மில்லிமீட்டர் அளவில் தெரியும் தூரத்துக்கு 3,84,400 என்று ஒரே எண் சொல்வது ஏன்? அது சராசரி. நிலாவின் பாதையும் நீள்வட்டம்தான். சராசரியாக 3,63,000 கிலோமீட்டருக்கு நெருங்கி வந்து, இரண்டு வாரத்தில் 4,05,000 வரை விலகிப் போகும். மாதா மாதம் இந்த வித்தியாசம் 42,000 கிலோமீட்டர், பத்து விவேக் பயணங்கள். நம் ஏணியின் நான்காம் படி முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. இதைக் கைபேசியிலேயே பார்க்கலாம். நாள்காட்டியில் நிலா மிக அருகிலிருக்கும் நாளையும் மிக எட்டத்திலிருக்கும் நாளையும் பார்த்து, ஒரே பெரிதாக்கத்தில் இரண்டு படம் எடுங்கள். எட்டத்துப் படத்தில் நிலா 300 புள்ளி அகலம் இருந்தால் அருகிலிருக்கும் படத்தில் 335 இருக்கும். பெரிதாக்கும் அளவை இடையில் மாற்றிவிட்டால் இந்தக் கணக்கு கெட்டுவிடும்; அதில் மட்டும் கவனம் வேண்டும்.

ஆனால் ஒரே இரவில் கண்ணை நம்பி முடிவுக்கு வர முடியாது. கிழக்கே தென்னைகளுக்கு மேல் எழும் முழுநிலா பிரம்மாண்டமாகத் தெரியும். பக்கத்தில் வந்துவிட்டதோ என்று தோன்றும். உண்மை நேர்மாறு. அந்த 3,84,400 பூமியின் நடுப்புள்ளியிலிருந்து நிலாவின் நடுப்புள்ளி வரை அளந்தது. நாம் நிற்பது பூமியின் மேற்பரப்பில். நிலா தலைக்கு மேல் இருக்கும்போது பூமியின் ஆரம் அளவு, அதாவது 6,371 கிலோமீட்டர், நாம் அவளுக்கு நெருக்கமாக இருக்கிறோம். அவள் தொடுவானத்தில் இருக்கும்போது அந்த நெருக்கம் இல்லை. ஆகவே எழும் நிலாதான் எட்டம், அதுவும் ஒன்றரை விவேக் பயண அளவுக்கு. படம் எடுத்துப் பார்த்தால் உச்சி நிலாவைவிட எழும் நிலா நூற்றில் ஒன்றரைப் பங்குக்குச் சற்று மேல் சிறிதாக இருக்கும். கைபேசியில் அந்த மெல்லிய வித்தியாசத்தைப் பிடிப்பது கடினம். பெரிதாக இல்லை என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரியும்.

அந்த ஒன்றரைப் பயணத்தை முடித்துவைப்பது பூமியின் சுழற்சி. நிலா எழும் நேரத்தில் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தவரை, அவள் உச்சிக்கு வரும் ஆறு மணி நேரத்துக்குள், பூமி தன்னோடு சுமந்து நிலாவை நோக்கி ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோய்விடுகிறது. சராசரி வேகம் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகம், பயணிகள் விமானத்தைவிட வேகம். உச்சி தாண்டியதும் அதே வேகத்தில் திரும்பப் பயணம் தொடங்குகிறது.